பாறுகளைக் கொன்றது எந்த வகை மாசு?

சுற்றுச்சூழல் பாடத்தில் மாசு என்றதும் காற்று, நீர், மண், ஒலி என்று நான்கு தலைப்புகள் வரும். ஒவ்வொன்றுக்கும் காரணம், விளைவு, தடுப்பு என எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளைத் துடைத்தெடுத்த மாசு இந்த நான்கில் எதிலும் சரியாகப் பொருந்தாது. மாட்டின் வலி தீர டாக்டர் போட்ட ஊசிதான் அது.

பிணந்தின்னிக் கழுகைப் பாறு என்றும் சொல்வோம். மாடு செத்தால் ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டுவிடுவது நம் வழக்கம். வட்டமிட்டபடி இறங்கும் பாறுக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பை மட்டும் விட்டுவைக்கும். சூழல் மண்டலத்தில் இவற்றின் வேலை இதுதான். பாக்டீரியாவும் பூஞ்சையும் பிணத்தை மெல்லச் சிதைக்கும், அதற்குள் நோய் பரவிவிடும். பாறு அந்த இடைவெளியை அடைக்கிறது. அதன் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது என்பதால், அழுகிய இறைச்சியில் மற்ற விலங்குகளை நோயில் தள்ளும் கிருமிகள் பலவற்றை அது தாங்கிக்கொள்ளும்.

1990களில் ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் பாறுகள் குறைவதை விபு பிரகாஷ் என்ற பறவையியலாளர் கவனித்தார். கழுத்தைத் தொங்கவிட்டு மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவைகள் சில நாட்களில் செத்து விழுந்தன. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சரிந்தது. முதலில் வைரஸ் நோயோ பூச்சிக்கொல்லியோ என்றுதான் சந்தேகித்தார்கள். விடை பாகிஸ்தானின் பஞ்சாபில் கிடைத்தது. அங்கே செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது இதயம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்தால்தான் அப்படிப் படியும். அப்படிச் செத்த பறவைகளின் சிறுநீரகத்தில் டைக்ளோஃபெனாக் இருந்தது. வேறு காரணங்களால் செத்த பறவைகளில் இல்லை. 2004இல் இந்த முடிவு வெளியானது.

இந்த இடத்தில் மாணவர்கள் அதிகம் தவறுகிறார்கள். உணவுச் சங்கிலி வழியாக நஞ்சு போனது என்று கேட்டதுமே உயிரியல் உருப்பெருக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். டி.டி.டி. விஷயத்தில் அது சரி. அது கொழுப்பில் தங்கும், எளிதில் சிதையாது, புழுவிலிருந்து மீன், மீனிலிருந்து பறவை என்று ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே போகும். டைக்ளோஃபெனாக் அப்படிச் சேர்வதில்லை. உயிரோடிருக்கும் மாட்டின் உடலிலிருந்து சில நாட்களில் வெளியேறிவிடும். ஊசி போட்ட மாடு அந்தச் சில நாட்களுக்குள் செத்தால்தான் ஆபத்து. ஆனால் அந்த ஒரே பிணம் போதும். நாலைந்து கிலோ எடையுள்ள வெண்முதுகுப் பாறைக் கொல்ல ஒரு மில்லிகிராம் அளவே போதுமானது. நாம் மூட்டுவலிக்கு விழுங்கும் ஒரு மாத்திரையில் ஐம்பது மில்லிகிராம் இருக்கிறது.

இது வெறும் கலைச்சொல் பிழை அல்ல, தீர்வையே மாற்றிவிடும். பல ஆண்டுகள் தேங்கும் நஞ்சு என்றால், இன்று தடை செய்தாலும் பலன் பத்து இருபது ஆண்டு கழித்தே தெரியும். ஒரு வேளை உணவில் கொல்லும் நஞ்சு என்றால், ஊசியை நிறுத்திய மறுவாரமே பிணங்கள் தூய்மையாகிவிடும். ஆனால் அங்கொன்று இங்கொன்றாக மீறினாலும் பயனில்லை. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய சரிவு நேரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு பிணத்தின் மேல் ஒரு கூட்டமே இறங்குகிறது. ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடுகிறது. குஞ்சு பெரிதாகி இனப்பெருக்கம் செய்யச் சில ஆண்டுகள் பிடிக்கும். செத்ததை ஈடுகட்ட வழியே இல்லை.

ஆகவே மாசு பற்றிய எந்தக் கேள்விக்கும் நான் பரிந்துரைக்கும் விடைச் சட்டகம் ஐந்து சொற்களில் அடங்கும்: மூலம், பாதை, ஏற்பி, விளைவு, தடுப்பு. எங்கிருந்து வந்தது, எதன் வழியே போனது, யாரைச் சேர்ந்தது, என்ன செய்தது, எந்த இடத்தில் வெட்டலாம். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஆளுக்கொரு வாக்கியம். இப்படி எழுதலாம்:

“கால்நடைகளுக்குப் போடப்படும் டைக்ளோஃபெனாக் ஊசியே மூலம். ஊசி போட்ட சில நாட்களில் இறந்த மாட்டின் இறைச்சி வழியாக அது பரவுகிறது. அதை உண்ணும் பாறுகள் பாதிக்கப்படுகின்றன. சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்து அவை இறக்கின்றன. கால்நடைப் பயன்பாட்டைத் தடை செய்து, பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் மருந்தைத் தருவது தடுப்பு.”

இரண்டு மதிப்பெண் என்றால் மூலமும் பாதையும் போதும். விளைவு கேட்டால் பறவையோடு நிறுத்தாமல் ஒரு படி மேலே போக வேண்டும். பாறு இல்லாத ஊரில் பிணங்கள் தெருநாய்களுக்கும் எலிகளுக்கும் உணவாயின, வெறிநாய்க்கடி அபாயம் கூடியது. 2000 முதல் 2005 வரை பாறுகளின் மறைவால் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்று 2024இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது. சூழல் மண்டலத்தின் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

தடுப்புதான் நீண்ட கதை. 2006இல் இந்தியா கால்நடை டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. அப்போதும் மனிதர்களுக்கான 30 மில்லி குப்பி மருந்துக்கடையில் மலிவாகக் கிடைத்தது, அதை மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் மனிதர்களுக்கான குப்பி 3 மில்லி, ஒரு வேளை அளவுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. மாட்டுக்குப் பல குப்பி உடைக்க வேண்டும், செலவு கூடும், யாரும் செய்ய மாட்டார்கள். தடையைவிட இந்தச் சின்ன மாற்றம் நுட்பமானது என்று நினைக்கிறேன். பிறகு அசிக்ளோஃபெனாக் வந்தது. அது மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. கீட்டோபுரோஃபெனும் பாறுகளைக் கொல்லும் என்று தெரிந்தது. இவ்விரண்டையும் கால்நடைகளுக்குத் தடை செய்ய 2023 வரை ஆனது. விற்பனைக்கு விடும் முன்பே பாறுகளுக்குப் பாதுகாப்பானதா என்று சோதித்திருந்தால் இத்தனை ஆண்டு போயிருக்காது.

பாதுகாப்பு முறைகளில் வாழிடத்திலேயே காப்பது, வெளியே வைத்துக் காப்பது என்று இரண்டு வகை படிக்கிறோம். பாறுகளுக்கு இரண்டும் வேண்டியிருந்தன. ஹரியானாவின் பிஞ்சோரில் கூண்டில் வளர்த்துப் பெருக்குகிறார்கள். முதல் முட்டையை எடுத்து இன்குபேட்டரில் பொரிக்க வைத்தால், ஜோடி இன்னொரு முட்டை இடும். ஆண்டுக்கு ஒன்று என்ற எல்லையை அப்படித் தாண்டுகிறார்கள். ஆனால் வெளியே பிணங்கள் தூய்மையாக இல்லாவிட்டால் பறக்கவிடும் ஒவ்வொரு பறவையும் சாவுக்குத்தான் போகும்.

தமிழ்நாட்டில் பாறுகள் இன்னும் கூடு கட்டுவது மாயாற்றுப் பள்ளத்தாக்கில். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளுக்கு நடுவே, ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சியில் கூடுகள் இருக்கும். இங்கே காட்டு விலங்குகளின் பிணம் நிறையக் கிடைப்பதால் ஊசி மருந்தின் ஆபத்து குறைவு. வேறு ஆபத்து உண்டு. புலி மாட்டை அடித்தால், ஆத்திரத்தில் அந்த மாட்டின் உடலில் விஷம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். புலிக்கு வைத்தது பாறுக்கும் போகிறது. அதே சட்டகத்தை இதற்கும் வைத்துப் பாருங்கள். பாதையும் ஏற்பியும் மாறவில்லை, மூலம் மட்டும் மாறிவிட்டது. மருந்துக்கடையில் என்ன தடை போட்டாலும் இங்கே பயன்படாது. மாட்டைப் பறிகொடுத்தவருக்கு இழப்பீடு தாமதமில்லாமல் கைக்கு வந்தால்தான் அவர் விஷப் புட்டியைத் தொட மாட்டார்.