விலைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73ஆவது விநாடியில் வெடித்துச் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். என்ன கோளாறு என்று அன்று எந்தச் செய்தியும் சொல்லவில்லை. அந்தத் திட்டத்துக்குப் பாகங்கள் செய்து தந்த பெரிய நிறுவனங்கள் நான்கு. நான்கின் பங்குகளும் உடனே சரிந்தன. ஆனால் மாலையில் சந்தை மூடியபோது மூன்று நிறுவனங்களின் இழப்பு ஏறக்குறைய 3 சதவீதத்தோடு நின்றிருந்தது. பூஸ்டர் ராக்கெட் செய்த மார்ட்டன் தயக்கால் மட்டும் சுமார் 12 சதவீதம் விழுந்திருந்தது. பூஸ்டரின் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போனதுதான் காரணம் என்று விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது ஜூன் மாதத்தில்.

ஆளுக்கொரு துணுக்குத் தகவலோ சந்தேகமோ வைத்திருந்தவர்கள் வாங்கியும் விற்றும் அந்த விலையை உண்டாக்கினார்கள். ‘திறன்மிகு சந்தை’ என்ற கருத்தின் சாரம் இதுதான். கிடைக்கும் தகவல் எல்லாம் விலைக்குள் வேகமாக ஏறிவிடுகிறது என்றார் பொருளாதார அறிஞர் யூஜின் ஃபாமா. இதை அவர் 1970இல் ஒரு கட்டுரையில் தொகுத்து எழுதினார்; 2013இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விலை எப்போதும் சரி என்பது இதன் பொருளல்ல. விலை தவறாக இருக்கலாம். எந்தப் பக்கம் தவறு என்பதை முன்கூட்டிச் சொல்வதுதான் கடினம். ஒரு நிறுவனம் நன்றாக நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் போதாது. அது மற்றவர்களுக்கும் தெரியும், அதனால் பங்கு ஏற்கெனவே விலை கூடித்தான் இருக்கும். மற்றவர்கள் நினைப்பதைவிட அது இன்னும் நன்றாக நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் லாபம்.

இதோடு செலவும் சேர்கிறது. பங்குகளைத் தேர்ந்தெடுத்து வாங்குபவர்கள் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், செலவுக்கு முன் அவர்களின் சராசரி வருமானம் சந்தையின் வருமானமேதான். ஒருவர் சந்தையைவிடக் கூடுதலாக எடுத்தால், அது இன்னொருவரின் பையிலிருந்து வந்தது. சந்தை ஆண்டுக்கு 12 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 சதவீதம் கட்டணம் பிடிக்கும் ஃபண்டில் போட்ட ஒரு லட்சம் 20 ஆண்டில் சுமார் 6.7 லட்சமாகும். 0.2 சதவீதம் பிடிக்கும் இன்டெக்ஸ் ஃபண்டில் அது சுமார் 9.3 லட்சம். ஆக, ஃபண்ட் மேனேஜர் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பள்ளத்தைத் தாண்டிய பிறகுதான் ஜெயிக்கத் தொடங்குகிறார்.

அப்படியும் சிலர் தொடர்ந்து ஜெயித்திருக்கிறார்களே? அவர்களில் பெயர் பெற்றவர் பில் மில்லர். அவர் நடத்திய லெக் மேசன் வேல்யூ டிரஸ்ட், 1991 முதல் 2005 வரை 15 ஆண்டுகள் விடாமல் எஸ் அண்ட் பி 500 குறியீட்டை முந்தியது. ஆண்டு டிசம்பரில் முடியாமல் வேறு மாதத்தில் முடிந்திருந்தால் இந்தத் தொடர் இருந்திருக்காது என்று அவரே சொன்னார். 2006இல் தொடர் அறுந்தது. 2008 நிதி நெருக்கடியில், விழுந்துகொண்டிருந்த நிதி நிறுவனப் பங்குகள் மலிவு என்று நம்பி வாங்கினார். அந்த ஆண்டு குறியீடு சுமார் 37 சதவீதம் இழந்தது. அவருடைய ஃபண்ட் சுமார் 55 சதவீதம். தொடரின் புகழைக் கேட்டு கடைசி ஆண்டுகளில் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது அந்த இழப்புதான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிப்பது இதுவே.

மில்லருக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்தறிவது அவ்வளவு கடினம். ஆயிரம் பேர் ஆளுக்குப் பத்து முறை நாணயம் சுண்டினால், பத்து முறையும் தலை விழுந்த ஒருவர் அநேகமாக இருப்பார். ஃபண்டுகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஜெயித்தவரின் பெயர்தான் விளம்பரத்தில் வருகிறது.

எவ்வளவு காலம் பார்த்தால் தெளியும்? உண்மையிலேயே திறமையுள்ள ஒரு மேனேஜர், செலவு போக, சராசரியாக ஆண்டுக்கு 2 சதவீதம் கூடுதலாகத் தருகிறார் என்று கொள்வோம். ஆனால் ஒரு ஆண்டு முன்னே, மறு ஆண்டு பின்னே என்று அவருடைய வருமானம் சந்தையிலிருந்து 6 சதவீத அளவுக்கு விலகிக்கொண்டே இருக்கும். இது சாதாரணமான விலகல்தான். புள்ளியியலில் வழக்கமாகக் கேட்கும் அளவு உறுதி கிடைக்க, கூடுதல் வருமானத்தின் சராசரி, அந்தச் சராசரியின் திட்டப் பிழையைப்போல் இரு மடங்காக இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 36 ஆண்டுகள் வருகிறது. ஃபண்டின் விளம்பரத்தில் நமக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டு வருமானம்.