ஓடிபி யாருக்குப் போகிறது?

எங்கள் ஊர் மெட்ரிக் பள்ளி ஒன்றில் அலுவலக மெயிலைத் திறந்து வைத்தவர் ஒரு கிளார்க். இலவசக் கணக்கு. மீட்பு எண்ணாகத் தன் செல்போன் எண்ணையே கொடுத்திருந்தார். அன்றைய அவசரத்தில் வேறு யார் எண்ணைக் கொடுப்பது? அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் கழித்துப் புதுக் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறக்கப் போனார்கள். ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்குப் போனது. அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதென்று அவருக்கே தெரியவில்லை.

"கம்பெனிக்கு லெட்டர்ஹெட்ல எழுதிக் கேட்டா தரமாட்டாங்களா சார்?" என்றார் பிரின்சிபால் மேடம். தரமாட்டார்கள். இலவசக் கணக்கு தனிநபருக்கானது. கடவுச்சொல்லும் செல்போனும் வைத்திருப்பவரே அதன் சொந்தக்காரர். பள்ளி முத்திரைக்கு அங்கே மதிப்பில்லை.

பிறகு நான் எழுதிக் கொடுத்த முன்மொழிவு ஒன்றரைப் பக்கம்தான். பள்ளிக்கென்று சொந்த டொமைன், அதன் கீழ் ஒரு நிர்வாகி கணக்கு, அந்த நிர்வாகி ஆசிரியர்களுக்குத் திறந்து தரும் முகவரிகள். office@, accounts@ போன்றவை தனி ஆளுடைய கணக்குகள் அல்ல, குழு முகவரிகள். office@ என்று வரும் கடிதம் இரண்டு கிளார்க்குகளுக்கும் போகும். ஒருவர் விலகினால் குழுவிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டு, அவர் கணக்கை முடக்கி வைக்கலாம். அழித்துவிடக் கூடாது. கூகுளில் அழித்த கணக்கை 20 நாளுக்குள்தான் மீட்க முடியும்.

செலவைப் பற்றி மேடம் கேட்பார் என்று தெரியும். கூகுளின் ஒர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷனும் மைக்ரோசாஃப்டின் ஏ1 திட்டமும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கு இலவசம். பள்ளியின் தகுதியைச் சரிபார்த்த பிறகு தருவார்கள். காசு கொடுக்க வேண்டியது டொமைனுக்கு மட்டும்.

சிக்கலே அந்த டொமைனில்தான். பள்ளியின் இணையதளத்தைச் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் மெயிலில் பதிந்து வைத்திருந்தார். கிளார்க்கின் இடத்துக்கு டிசைனர் வந்துவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்! அதைவிட்டு edu.in டொமைனுக்குப் போகலாம் என்றேன். அதை எர்நெட் இந்தியா கல்வி நிறுவனங்களுக்குத்தான் தருகிறது. பள்ளியின் பெயரிலேயே பதிவாகும். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் கரஸ்பாண்டன்டுக்கும் கணக்காளருக்கும், இந்த டொமைனில் இல்லாத வேறு மெயில்களுக்குப் போக வேண்டும். டொமைன் காலாவதியானால் அதிலுள்ள மெயிலும் நின்றுவிடும். நினைவூட்டலும் அதற்கே வந்தால் யார் படிப்பது?

டொமைன் கைக்கு வந்ததும் அதன் டிஎன்எஸ் பட்டியலில் சில வரிகள் சேர்க்க வேண்டும். எம்எக்ஸ் என்ற வரி, பள்ளிக்கு வரும் கடிதம் எந்த சர்வரில் இறங்க வேண்டும் என்று சொல்லும். எஸ்பிஎஃப் என்ற வரி, பள்ளியின் பெயரில் கடிதம் அனுப்ப யாருக்கெல்லாம் உரிமை உண்டு என்று சொல்லும். இந்த இரண்டாவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஃபீஸ் வசூலிக்கும் சாஃப்ட்வேரும் பள்ளி முகவரியிலிருந்து ரசீது அனுப்பும். அதன் பெயர் வரியில் இல்லையென்றால் ரசீதுகள் பெற்றோரின் ஸ்பேம் பெட்டியில் விழும். அதற்காக இரண்டாவதாக ஓர் எஸ்பிஎஃப் வரியைச் சேர்த்தால் இன்னும் மோசம்: இரண்டு வரி இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரிக்குள் இருவரையும் எழுத வேண்டும்.

```
v=spf1 include:_spf.google.com include:spf.example.com ~all
```

இரண்டாவதாக உள்ளது சாஃப்ட்வேர் நிறுவனம் தரும் பெயர். சரியாக அமைந்ததா என்று பார்க்க, ஒரு ரசீதை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பச் செய்து, மூன்று புள்ளியை அழுத்தி Show original என்பதைத் திறங்கள். SPF, DKIM இரண்டுக்கும் எதிரே PASS என்று இருக்க வேண்டும். டிகேஐஎம் என்பது கடிதத்தில் பதியும் டிஜிட்டல் கையெழுத்து. நிர்வாகி பக்கத்தில் அதையும் இயக்கி வைக்க வேண்டும்.

தொழில்நுட்ப வேலை இரண்டு நாளில் முடிந்தது. இழுத்தடித்தது முகவரி மாற்றும் வேலை. வங்கி, இஎம்ஐஎஸ், வருங்கால வைப்பு நிதி என்று பழைய மெயில் பதிவான இடங்களை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக மாற்றினார்கள். பழைய கணக்கு திறந்திருக்கும் பள்ளிகளுக்கு இவ்வளவு பாடில்லை. ஒரு வருடத்துக்குப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட்டால் போதும்.

மாணவர்களுக்கு இந்த ஆண்டு கணக்கு வேண்டாம் என்றேன். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான கட்டுப்பாடுகளை முதலில் பழக வேண்டும். ஆசிரியர்களிடமும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லச் சொன்னேன்: இது பள்ளியின் பெட்டி, தேவைப்பட்டால் நிர்வாகம் திறந்து பார்க்க முடியும். சொந்தக் கடிதங்களைச் சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளட்டும்.

உயர் நிர்வாகிகளாக இருவரைப் போட்டோம். அவர்களுடைய பேக்கப் கோடுகளை அச்சிட்டு, உறையில் ஒட்டி, மாற்றுச் சான்றிதழ் புத்தகங்கள் இருக்கும் பீரோவில் வைத்திருக்கிறார் மேடம்.

உங்கள் பள்ளி இன்னும் இலவச மெயிலில்தான் இருக்கிறதென்றால், நாளைக் காலை மணி அடிப்பதற்கு முன் அதன் செட்டிங்கைத் திறந்து, மீட்பு எண் யாருடையது என்று பாருங்கள்.