கிழித்த பிறகு கொடுத்த கடிதம்

முதலாளி கடிதத்தைக் குமாஸ்தாவிடம் கொடுத்தார். குமாஸ்தா அதை வாங்கிக் கிழித்துப் போட்டார். நடந்தது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதை ஒரே வாக்கியமாக எழுதிவிடுவார்கள். கொடுத்த செய்தி முன்னால் வரும், நடுவில் 'ஹூ' என்று ஒரு கொக்கி, அந்தக் கொக்கியில் கிழித்த செய்தி தொங்கும்.

இந்த வாக்கியத்தை மொழிபெயர்ப்பு வகுப்பில் கொடுத்துப் பார்த்தால் இப்படி ஒரு விடை வருவதுண்டு: 'முதலாளி, கடிதத்தைக் கிழித்துப் போட்ட குமாஸ்தாவிடம் அதைக் கொடுத்தார்.' இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. எழுவாய் முதலில், பயனிலை கடைசியில், நடுவில் ஒழுங்கான பெயரெச்சம். ஆனால் கதை தலைகீழாகிவிட்டது. கடிதம் முதலில் கிழிந்தது, அப்புறம்தான் கைமாறியது!

தவறு எங்கிருந்து வந்தது? 'தமிழில் வினை கடைசியில்தான் வரும், அதனால் ஆங்கில வாக்கியத்தை வாலிலிருந்து தலைக்குப் படி' என்று பள்ளிக்கூடத்திலேயே பலருக்கும் ஒரு குறுக்குவழி பழகிவிடுகிறது. சின்ன வாக்கியங்களுக்கு அது கை கொடுக்கும். 'இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்' என்ற அறிவிப்பில், ஆங்கிலம் கடைசியில் வைக்கும் நிபந்தனை தமிழில் முன்னால் வந்துவிடுகிறது. சரியாகவும் இருக்கிறது. சிக்கல் தொடங்குவது வாக்கியத்துக்குள் இரண்டு மூன்று சம்பவங்கள் இருக்கும்போதுதான். அங்கே கவனிக்க வேண்டிய வரிசைகள் இரண்டு. ஒன்று சொற்களின் வரிசை, இன்னொன்று செய்திகளின் வரிசை. முதலாவதைத் தயங்காமல் மாற்றலாம். இரண்டாவதைக் கூடியவரை காப்பாற்ற வேண்டும். வாலிலிருந்து படிக்கிறவர் இரண்டையும் சேர்த்தே புரட்டிவிடுகிறார்.

செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகள் எட்டு என்கிறது நன்னூல். அதில் முதலாவது ஆற்றுநீர்ப் பொருள்கோள்: ஆற்று நீர் மாதிரி பொருள் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். கொண்டுகூட்டு என்றும் ஒன்று உண்டு. அங்கங்கே கிடக்கும் சொற்களைப் பொறுக்கி வந்து படிப்பவரே கூட்டிக்கொள்ள வேண்டும். செய்யுளில் அது ஒரு சுவை. செய்தித்தாளில் வரும் நாலு வரிப் பத்திக்கு அந்த உழைப்பை வாசகரிடம் கேட்பது அநியாயம்.

மறுபடி அந்தக் கொக்கிக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்' இரண்டும் இரண்டு வேலை செய்கின்றன. சில இடங்களில் இன்னார் என்று அடையாளம் காட்டுகின்றன. நான்கு தம்பிகளில் எந்தத் தம்பி என்று கேட்டால் 'மதுரையில் இருக்கும் தம்பி' என்கிறோமே, அதுபோல. இதற்குப் பெயரெச்சம் அச்சாகப் பொருந்தும். மற்ற இடங்களில் அவை கூடுதல் தகவலைச் சொல்கின்றன, அல்லது அடுத்து நடந்ததைச் சொல்கின்றன. இவற்றுக்கு முன்னால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரு காற்புள்ளி நிற்கும். அந்தக் காற்புள்ளியைப் பார்த்தவுடன் மொழிபெயர்ப்பவர் பேனாவைக் கொஞ்சம் நிறுத்துவது நல்லது. இருப்பது ஒரே தம்பி, அவன் மதுரையில் இருக்கிறான் என்பது உபரித் தகவல் என்றால், 'மதுரையில் இருக்கும் என் தம்பி வந்தான்' என்று எழுதும்போது வேறு ஊரில் இன்னொரு தம்பி இருப்பதுபோல் ஒரு சாயல் விழுகிறது. 'தம்பி வந்தான். அவன் மதுரையில் இருக்கிறான்' என்று பிரித்துவிட்டால் அந்தச் சந்தேகம் இல்லை. குமாஸ்தா கதையிலும் மருந்து இதுதான். கொடுத்தார் என்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, கிழித்ததைத் தனி வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

வாக்கியத்தை உடைத்தால் மூலத்துக்குத் துரோகம் செய்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒன்றாக இருந்தது தமிழில் மூன்றானால் எதுவும் குறைந்துவிடாது. தகவல் குறைந்தால்தான் துரோகம்.

அடுத்தது 'படு' விவகாரம். 'இந்த வீடு எங்கள் தாத்தாவால் கட்டப்பட்டது' என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை, ஆனால் மொழிபெயர்ப்பில் தாராளமாக எழுதுகிறார்கள். ஆங்கிலம் ஏன் இங்கே செயப்பாட்டுவினைக்குப் போகிறது என்று பார்த்தால் வழி தெரியும். பேச்சு வீட்டைப் பற்றியது, அதனால் வீடு முதலில் வர வேண்டும். ஆனால் ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் உள்ள இடம் எழுவாய்க்கு உரியது. வீட்டை அங்கே உட்கார வைக்க வேண்டுமானால் அதையே எழுவாயாக்கி, வினையையும் மாற்றியாக வேண்டும். தமிழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 'ஐ' என்ற ஓர் உருபு ஒட்டிக்கொண்டால் போதும். வீடு வாக்கியத்தில் எங்கே நின்றாலும், கட்டப்பட்ட பொருள் அதுதான் என்று வாசகருக்குத் தெரியும். 'இந்த வீட்டை எங்கள் தாத்தா கட்டினார்.' வீடு முதலில் வந்துவிட்டது, 'படு'வும் தேவைப்படவில்லை. கட்டியவர் யார் என்பதில்தான் அழுத்தம் என்றால், 'இந்த வீட்டைக் கட்டியது எங்கள் தாத்தா' என்று இன்னும் ஒரு படி போகலாம்.

இந்த அழுத்தம் எங்கே விழுகிறது என்பது தமிழில் சுவையான சங்கதி. 'தாத்தாவை நேற்று ஆஸ்பத்திரியில் பார்த்தேன்' என்றால், எங்கே பார்த்தாய் என்ற கேள்விக்குப் பதில் மாதிரி இருக்கிறது. 'தாத்தாவை ஆஸ்பத்திரியில் நேற்றுப் பார்த்தேன்' என்றால் எப்போது என்பது முன்னுக்கு வருகிறது. வினைக்கு ஒட்டினாற்போல் முன்னால் நிற்கும் சொல்லுக்குத்தான் பொதுவாகக் கனம். ஆங்கிலத்தில் புதிய செய்தி பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வந்து விழும். ஆகவே ஆங்கில வாக்கியத்தின் கடைசித் துண்டைத் தமிழில் எங்கே வைப்பது என்று குழம்பினால், முதலில் முயன்று பார்க்க வேண்டிய இடம் வினைக்கு முந்தைய இடம்தான், வாக்கியத்தின் தொடக்கம் அல்ல.

இனி ஒரு முழுப் பத்தி. வகுப்புப் பயிற்சிக்கென்று எழுதிய செய்தி மாதிரி இது. ஆங்கில வரிசையை அப்படியே தமிழ்ச் சொற்களில் வைத்தால் இப்படி நிற்கும்:

ஒரு 52 வயது மீனவர் / மீட்கப்பட்டார் / கடலோரக் காவல் படையால் / செவ்வாய்க்கிழமை காலை / ஒன்பது மணி நேரத்துக்குப் பின் / அவரது படகு கவிழ்ந்து / பலத்த காற்றில். அவர் போயிருந்தார் / தனது இரண்டு மகன்களுடன் / அவர்கள் நீந்தினார்கள் கரைக்கு / சொன்னார்கள் ஊராரிடம். அவர் காணப்பட்டார் / பிடித்துக்கொண்டு / ஒரு காலி எண்ணெய் கேனை / ஒரு ரோந்துப் படகின் ஊழியர்களால்.

வாலிலிருந்து படிக்கிறவரின் முதல் வாக்கியம்: 'பலத்த காற்றில் அவரது படகு கவிழ்ந்து ஒன்பது மணி நேரத்துக்குப் பின், செவ்வாய்க்கிழமை காலை கடலோரக் காவல் படையால் ஒரு 52 வயது மீனவர் மீட்கப்பட்டார்.' இதில் முதல் இடறல் 'அவரது'. எவரது? மீனவர் இன்னும் மேடைக்கே வரவில்லை. ஆங்கிலத்தில் பெயர் முன்னால் வந்துவிட்டதால் பிரதிப்பெயர் பின்னால் பொருந்துகிறது. புரட்டிப் போட்டதும் நிழல் முன்னால் வந்து ஆள் பின்னால் வருகிறார். இந்த ஒரு அடையாளம் போதும், வாக்கியம் யோசிக்காமல் புரட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். இரண்டாவது வாக்கியத்தில் பழைய குமாஸ்தா திரும்பி வருகிறார்: 'கரைக்கு நீந்தி வந்து ஊராரிடம் சொன்ன தனது இரண்டு மகன்களுடன் அவர் போயிருந்தார்.' நீந்தி வந்த பிறகு மூவரும் கடலுக்குப் போனதாக ஆகிறது.

இதற்கு ஒரு வழிமுறை உண்டு. மூலத்தை இரண்டு முறை படித்துவிட்டு மூடி வைத்துவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் விஷயத்தை வாயால் சொல்ல வேண்டும். என்ன வரிசையில் சொன்னோமோ அதே வரிசையில் எழுத வேண்டும். எழுதி முடித்த பின்தான் மூலத்தைத் திறப்பது. அப்படி எழுதினால் பத்தி ஏறக்குறைய இப்படி வரும்:

'பலத்த காற்றில் படகு கவிழ்ந்து ஒன்பது மணி நேரம் கடலில் தத்தளித்த 52 வயது மீனவர் ஒருவரைக் கடலோரக் காவல் படையினர் செவ்வாய்க்கிழமை காலை மீட்டனர். அவர் இரண்டு மகன்களோடு கடலுக்குப் போயிருந்தார். மகன்கள் கரைக்கு நீந்தி வந்து ஊராரிடம் தகவல் சொன்னார்கள். ரோந்துப் படகில் போனவர்கள் பார்த்தபோது, அவர் ஒரு கேனைப் பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தார்.'

'அவரது', 'தனது' இரண்டும் தாமாகவே உதிர்ந்துவிட்டன. படகு யாருடையது, மகன்கள் யாருடையவர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. 'ஒரு 52 வயது மீனவர்' என்பது 'மீனவர் ஒருவர்' ஆகிவிட்டது. மீட்டது என்ற முக்கியச் செய்தி முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. இது செய்தி என்பதால் அதை அங்கிருந்து நகர்த்தக் கூடாது. படகு கிளம்பியதிலிருந்து காலவரிசைப்படி சொன்னால் வாசிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது கதையாகிவிடும்.

முதல் வாக்கியத்தில் பெயரெச்சம் ஒன்றே ஒன்று. இரண்டு வரை தாங்கும். மூன்றாவதை அடுக்கினால், மீனவர் வந்து சேர்வதற்குள் படிப்பவருக்கு மூச்சு முட்டும். சத்தமாகப் படித்தால் எங்கே முட்டுகிறது என்று காது காட்டிக்கொடுக்கும்.

'படு'வை அடியோடு துரத்த வேண்டியதும் இல்லை. 'கைது செய்யப்பட்டார்' என்பது செய்தித் தமிழில் நன்றாக ஊறிப்போன தொடர். செய்தவர் யார் என்று மூலமே வேண்டுமென்று மறைக்கும் அரசு ஆணையிலும் சட்ட வாசகத்திலும் அதை எடுத்துவிட்டு ஓர் எழுவாயைக் கற்பனையாக வைத்தால், மொழிபெயர்ப்பவர் இல்லாத பொறுப்பை யார் தலையிலோ கட்டுகிறார்.

மூடி வைத்து எழுதும் முறைக்கும் ஒரு விலை உண்டு. வாய் சரளமாகப் போகும்போது சில தகவல்கள் நழுவும், சில புதிதாக ஏறும். அதனால்தான் கடைசியில் மூலத்தைத் திறந்து துண்டு துண்டாக டிக் அடிக்க வேண்டியிருக்கிறது. மேலே உள்ள பத்தியை அப்படிச் சரிபார்த்தால், வயது, கிழமை, ஒன்பது மணி நேரம், காற்று, மகன்கள், ரோந்துப் படகு எல்லாம் இருக்கின்றன. கேன் இருக்கிறது, ஆனால் அது காலி எண்ணெய் கேன் என்பது விட்டுப்போயிற்று. அது காலியாக இருந்ததால்தான் மிதந்தது, மனிதர் பிழைத்தார். அதைத் திரும்பச் சேர்த்தாக வேண்டும். 'தத்தளித்த' என்பது மூலத்தில் இல்லவே இல்லை. மூலம் சொல்வது ஒன்பது மணி நேரத்துக்குப் பின் என்று மட்டுமே. கண்டிப்பான ஆசிரியர் அதைச் சிவப்பு மையில் அடித்து, மேலே 'கிடந்த' என்று எழுதுவார்.