மாம்பழம் தொட்ட விரல்

காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் 118 காட்டிய மீட்டர், அரை மணி நேரத்தில் அம்மாவுக்கு 290 என்றது. இடையில் அவர் எதுவும் சாப்பிடவில்லை. பேரனுக்கு மாம்பழம் நறுக்கினார், அவ்வளவுதான். விரலில் ஒட்டிய சாறு ரத்தத்துளியில் கலந்துவிட்டது. இதை நம்பி இன்சுலினைக் கூட்டியிருந்தால் ஆபத்து.

ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்தால் பழச்சர்க்கரை முழுதும் போகாது. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து, அளவு குறைவாகக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. துளி வரவில்லையா? நுனியைப் பிதுக்காதீர்கள், கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து மெல்ல நீவுங்கள்.

அம்மா கை கழுவி, வேறு விரலில் குத்தினார்: 124.