பெயரில் ஒளிந்திருக்கும் பிணைப்பும் புரோமின் நீரும்

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்து உருவாகும் சேர்மங்களுக்கு ஹைட்ரோகார்பன்கள் என்று பெயர். சமையல் எரிவாயு, பெட்ரோல், மெழுகு எல்லாமே பெரும்பாலும் இவற்றின் கலவைகள்தான். ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு பிணைப்புகளை ஏற்படுத்தும். பக்கத்துப் பக்கத்துக் கார்பன்கள் ஒற்றைப் பிணைப்பால் மட்டும் இணைந்திருந்தால், மிச்சமுள்ள இடங்களை ஹைட்ரஜன் முழுவதுமாக நிரப்பிவிடும். புதிதாக ஓர் அணுவைச் சேர்க்க அங்கே இடம் இருக்காது. இத்தகையவை நிறைவுற்ற சேர்மங்கள். சங்கிலி வடிவில் இருந்தால் அவை அல்கேன்கள். எங்காவது ஒரு இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது அல்கீன், முப்பிணைப்பு இருந்தால் அல்கைன். இவ்விரண்டும் நிறைவுறாதவை. அந்தக் கூடுதல் பிணைப்பு திறந்துகொண்டால் வேறு அணுக்கள் வந்து ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கும்.

இவற்றின் பெயர்களுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முற்பகுதி சங்கிலியில் எத்தனை கார்பன்கள் உள்ளன என்று சொல்லும். ஒன்றுக்கு மெத், இரண்டுக்கு எத், மூன்றுக்கு புரோப், நான்குக்கு பியூட் என்ற முதல் நான்கையும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். அவை பழைய பெயர்களின் எச்சங்கள். ஐந்திலிருந்து பென்ட், ஹெக்ஸ், ஹெப்ட், ஆக்ட் என்று எண்ணுப் பெயர்கள் ஒழுங்காகத் தொடரும். பிற்பகுதி பிணைப்பைச் சொல்லும். ஏன் என்று முடிந்தால் ஒற்றை, ஈன் என்று முடிந்தால் இரட்டை, ஐன் என்று முடிந்தால் மூன்று. ஆகவே ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் மூன்றிலும் கார்பன் இரண்டுதான்; ஹைட்ரஜன் மட்டும் ஆறு, நான்கு, இரண்டு என்று குறைந்துகொண்டே வரும். ரோமன் உயிரெழுத்து வரிசையையே பிணைப்பின் அடையாளமாக்கலாம் என்ற இந்த யோசனையை 1866இல் முன்வைத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன். 1892இல் ஜெனீவாவில் கூடிய வேதியியலாளர்கள் கரிமச் சேர்மங்களுக்கு முறையான பெயரிடும் விதிகளை வகுத்தார்கள். இன்று அந்தப் பொறுப்பு ஐ.யு.பி.ஏ.சி. என்ற பன்னாட்டு அமைப்பிடம் உள்ளது.

பழைய பெயர்கள் மட்டும் இன்னும் விடைபெறவில்லை. வெல்டிங் பட்டறையில் அசிட்டிலீன் என்று கேட்டால்தான் சிலிண்டர் கிடைக்கும். அதன் முறையான பெயர் ஈத்தைன். அசிட்டிலீன் என்ற பெயரின் முடிவை நம்பி அதை இரட்டைப் பிணைப்புள்ளது என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். இறுதி அசை முறையான பெயரில் மட்டுமே நம்பத்தக்கது.

சங்கிலி நீண்டு கிளைவிடும்போது எண்கள் தேவைப்படும். CH3–CH(CH3)–CH2–CH=CH2 என்ற சேர்மத்தை எடுத்துக்கொள்ளலாம். முதலில் இரட்டைப் பிணைப்பை உள்ளடக்கிய மிக நீண்ட சங்கிலியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் ஐந்து கார்பன்கள் உள்ளன, ஆக, பென்ட். இரட்டைப் பிணைப்பு இருப்பதால் பென்டீன். அடுத்து எண் இடுவது. இடப்பக்கம் தொடங்கினால் மெத்தில் கிளை 2ஆம் கார்பனில் விழும், இரட்டைப் பிணைப்பு 4இல் தொடங்கும். வலப்பக்கம் தொடங்கினால் இரட்டைப் பிணைப்பு 1இல் தொடங்கும், மெத்தில் 4இல் வரும். இங்கே முன்னுரிமை பிணைப்புக்குத்தான், கிளைக்கு அல்ல. எனவே வலப்பக்கத்திலிருந்து எண்ணியதே சரி, பெயர் 4-மெத்தில்பென்ட்-1-ஈன். தேர்வுத்தாள்களில் 2-மெத்தில்பென்ட்-4-ஈன் என்ற விடை வருவதற்குக் காரணம், அல்கேன்களுக்குப் பழகிய கை கிளைக்குச் சின்ன எண் கொடுக்கப் பார்ப்பதுதான். அல்கேனில் கிளையைத் தவிர எண் கொடுக்க வேறொன்றும் இல்லை. அல்கீனிலும் அல்கைனிலும் பிணைப்பு முந்திக்கொள்ளும்.

இந்தச் சேர்மத்தின் வாய்பாடு C6H12. இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. ஒரு இரட்டைப் பிணைப்புள்ள அல்கீன்களின் பொது வாய்பாடு CnH2n என்று பாடப்புத்தகம் சொல்கிறது, அது உண்மையும்கூட. ஆனால் ஆறு கார்பன்கள் வளையமாகக் கைகோத்து நிற்கும் சைக்ளோஹெக்சேனுக்கும் அதே C6H12தான் வாய்பாடு. அதில் இருப்பவை ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே, அது நிறைவுற்றது. இரண்டும் நிறமற்ற திரவங்கள், தண்ணீரில் கரையாமல் மிதப்பவை. இரண்டு குப்பிகளின் ஒட்டுச்சீட்டும் உதிர்ந்துவிட்டால், அணுக்களை எண்ணிப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் உதவுவது புரோமின் நீர்.

புரோமின் செம்பழுப்பு நிறத் திரவம். அதைச் சிறிதளவு தண்ணீரில் கரைத்தால் செறிவுக்கேற்ப மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை நிறம் கொண்ட புரோமின் நீர் கிடைக்கும். இரண்டு சோதனைக் குழாய்களில் தலா 2 மில்லிலிட்டர் புரோமின் நீரை எடுத்து, ஒன்றில் முதல் குப்பியிலிருந்தும் மற்றொன்றில் இரண்டாம் குப்பியிலிருந்தும் பத்துத் துளிகள் விட்டு, அடைப்பான் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் எண்ணெய் போன்ற திரவம் மேலே மிதந்துகொண்டே இருக்கும், வினை நடக்காது. மூன்றாவது குழாயில் வெறும் புரோமின் நீரை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். பழைய புரோமின் நீர் தானாகவே வெளுத்திருந்தால் அது இந்தக் குழாயில் தெரிந்துவிடும்.

அல்கீன் உள்ள குழாயில் குலுக்கியதும் நிறம் மறையும். இரட்டைப் பிணைப்பில் எலக்ட்ரான்கள் அடர்ந்திருப்பதால் புரோமின் மூலக்கூறு அதை நெருங்கும்போது அதன் இரு அணுக்களும் பிரிகின்றன. ஒரு புரோமின் அணு இரண்டு கார்பன்களுக்கும் நடுவே தொற்றிக்கொண்டு புரோமோனியம் அயனியாகிறது. மற்றொன்று எதிர்மின் அயனியாக வெளியேறுகிறது. அடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வேறொன்று வந்து தாக்குகிறது. புரோமினைக் கார்பன் டெட்ராகுளோரைடில் கரைத்திருந்தால் வந்து தாக்குவது அந்தப் புரோமைடு அயனியேதான். ஈத்தீனிலிருந்து 1,2-டைபுரோமோஈத்தேன் கிடைக்கும். தண்ணீரில் கரைத்திருந்தாலோ சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள் ஏராளமாக இருப்பதால் பெரும்பாலும் அவையே முந்திக்கொள்ளும். முக்கிய விளைபொருள் 2-புரோமோஎத்தனால். பல பாடப்புத்தகங்கள் இரண்டுக்கும் ஒரே சமன்பாட்டை எழுதிவிடுகின்றன. நிறம் போவது என்னவோ இரண்டிலும் ஒன்றுதான், ஏனென்றால் நிறத்துக்குக் காரணமான புரோமின் மூலக்கூறு தீர்ந்துவிடுகிறது.

சைக்ளோஹெக்சேன் உள்ள குழாயைக் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் தவறு நேர்வது இங்கேதான். குலுக்கி நிறுத்தியதும் திரவம் இரண்டு அடுக்காகப் பிரியும். கீழே உள்ள தண்ணீர் அடுக்கு வெளுத்திருக்கும். அதை மட்டும் பார்த்து நிறம் போய்விட்டது என்று குறித்துக்கொள்பவர் நிறைவுற்ற சேர்மத்தை நிறைவுறாததாகப் பதிவு செய்துவிடுவார். மேல் அடுக்கில் பார்வையைத் திருப்பினால் அங்கே அழுத்தமான ஆரஞ்சு நிறம் தெரியும். புரோமின் எங்கும் போய்விடவில்லை. தண்ணீரைவிடச் சைக்ளோஹெக்சேனில் நன்றாகக் கரைவதால் மேலே ஏறிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு அடுக்குகளும் நிறமற்று இருந்தால்தான் சேர்மம் நிறைவுறாதது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அடர்த்தியான புரோமின் நீரில் ஒரே ஒரு துளி அல்கீனை விட்டால் அது தீர்ந்த பிறகும் புரோமின் மிச்சமிருக்கும், நிறம் போகாமல் நின்றுவிடும். துளிகளைக் கூட்டிப் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

வெயிலும் ஏமாற்றும். ஜன்னலோரம் நேரடி வெயிலில் வைத்தால் ஹெக்சேன், சைக்ளோஹெக்சேன் போன்றவைகூடச் சில நிமிடங்களில் புரோமினின் நிறத்தைப் போக்கிவிடும். ஒளி புரோமின் மூலக்கூறை உடைப்பதால் ஹைட்ரஜன் அணுவின் இடத்தில் புரோமின் அமரும் பதிலீட்டு வினை நடக்கிறது. அதனால் சோதனையை நிழலில் வைத்து, குலுக்கியவுடனேயே நிறத்தைப் பார்க்க வேண்டும். அல்கீனுக்கு அவ்வளவு நேரமே அதிகம்.

வாயுக்களைச் சோதிக்கும்போது தூய்மை முக்கியம். ஆய்வகத்தில் எத்தனாலை அடர் கந்தக அமிலத்துடன் ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸில் சூடாக்கி ஈத்தீன் தயாரிப்பது வழக்கம். ஆல்கஹாலில் ஒரு பகுதி கருகும். கூடவே கந்தக டைஆக்சைடும் உண்டாகும். இந்த வாயு தானே புரோமின் நீரை வெளுக்கச் செய்யும், அதில் இரட்டைக் கார்பன் பிணைப்புக்கு வேலையே இல்லை. ஆகவே ஈத்தீனை முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் வழியே செலுத்திக் கழுவாவிட்டால் சோதனைக்கு மதிப்பில்லை. கால்சியம் கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டுப் பெறும் ஈத்தைனிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் பாஸ்ஃபீனும் கலந்திருக்கும். அதைத் தாமிர சல்பேட் கரைசலில் கழுவுவார்கள்.

புரோமினோடு பழகும்போது கவனம் தேவை. அதன் ஆவி கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும், திரவம் தோலில் பட்டால் ஆழமாகப் புண்ணாக்கும். நீர்த்த புரோமின் நீரைக்கூடப் புகைபோக்கி அறையில், கையுறை போட்டுக்கொண்டு கையாள்வதே முறை. சிந்தினால் சோடியம் தயோசல்பேட் கரைசலை ஊற்றிச் செயலிழக்கச் செய்வார்கள்.

இந்தச் சோதனையால் சொல்ல முடியாதவையும் உண்டு. இரட்டைப் பிணைப்பா முப்பிணைப்பா என்று அது பிரித்துக் காட்டாது. ஈத்தைனும் நிறத்தைப் போக்கும், ஈத்தீனைவிடச் சற்று மெதுவாக. பீனாலும் புரோமின் நீரை வெளுக்கச் செய்யும். ஆனால் வெள்ளை வீழ்படிவு ஒன்று விழுவதால் அதை அடையாளம் காணலாம். பென்சீனோ பெயரில் ஈன் என்று முடிந்தும் புரோமின் நீரைச் சட்டை செய்யாது. அதன் எலக்ட்ரான்கள் வளையம் முழுவதும் பரவி நிற்பதால் தனி இரட்டைப் பிணைப்பைப் போல அவை நடந்துகொள்வதில்லை.

எத்தனை இரட்டைப் பிணைப்பு என்று அறிய வேண்டுமானால் நிறத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, எவ்வளவு ஹாலஜன் செலவானது என்று அளக்க வேண்டும். சமையல் எண்ணெய் ஆய்வகங்கள் அயோடின் மதிப்பு என்று குறிப்பிடுவது இதைத்தான். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினுக்கு ஈடான ஹாலஜனை ஏற்கிறது என்ற அளவு அது. தேங்காய் எண்ணெய்க்கு அது ஏறத்தாழ 6 முதல் 11, நல்லெண்ணெய்க்கு 100க்கு மேல். பெரும்பாலும் நிறைவுற்ற தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துவிடுவதும், இரட்டைப் பிணைப்புகள் மிகுந்த நல்லெண்ணெய் உறையாமல் இருப்பதும் பெருமளவு இந்த வேறுபாட்டால்தான்.