நடந்தாலும் துள்ளாத வீடியோ

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை விடியற்காலையில் செல்போனில் வீடியோ எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் மல்லிகைக் குவியல், நடுவே ஒடுங்கிய வழி, தலைச்சுமையோடு எதிரே வரும் ஆட்கள், மேலே விளக்கு வெளிச்சம். நடந்துகொண்டே எடுத்தால்தான் அந்த நெரிசல் படத்தில் வரும். பயண வீடியோவைக் கெடுக்கும் எல்லாச் சிக்கல்களும் இங்கே கூடி நிற்கின்றன.

படம் ஆடுவதில் இரண்டு விதம் உண்டு. மணிக்கட்டு அசைந்து செல்போன் அங்குமிங்கும் சாய்வது ஒன்று. போனுக்குள்ளேயே இருக்கும் ஸ்டெபிலைசேஷன் இதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடும். இன்னொன்று, ஒவ்வோர் அடிக்கும் நம் உடம்பே ஏறி இறங்குவது. அப்போது லென்ஸ் இருக்கும் உயரமே மாறுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் உள்ள பூக்கூடை படத்தில் பெரிதாகத் துள்ளும்; கடைக்கோடி விளக்கு அசைந்ததே தெரியாது. அருகில் ஒரு மாதிரியும் தொலைவில் ஒரு மாதிரியும் ஆடுவதை, மொத்தப் படத்தையும் ஒரே அளவு நகர்த்திச் சரிக்கட்ட முடியாது. போனும் எடிட்டிங் மென்பொருளும் திணறுவது இந்த இடத்தில்தான். அதனால் இந்த வேலையைக் கால்கள் செய்ய வேண்டும்.

விளிம்பு வரை டீ ஊற்றிய டம்ளர்களோடு கூட்டத்துக்குள் புகுந்து போகும் டீக்கடைக்காரரைக் கவனியுங்கள். அவர் முழங்கால் எப்போதும் சற்று மடங்கியே இருக்கும், அடி சிறிதாக இருக்கும். வீடியோவுக்கும் அதே நடைதான். முதலில் குதிகால், பிறகு பாதம், கடைசியில் விரல் என்று உருட்டி ஊன்றுங்கள். காலை நேராக விறைத்துக்கொண்டால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் தோள் வரை ஏறும். பின்னோக்கி நடக்கும்போது இது தலைகீழ்: விரல் முதலில், குதிகால் பிறகு. தொடை வலிக்கத் தொடங்கினால் முழங்கால் சரியாக மடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

போனை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கழுத்தில் மாட்டும் வார் இருந்தால் இன்னும் நல்லது. அது விறைப்பாகும் வரை போனை முன்னால் தள்ளிப் பிடித்தால் இரு கைகளோடு கழுத்தும் மூன்றாவது தாங்கலாகிவிடும். சின்ன மேசை டிரைபாடின் கால்களைச் சேர்த்து மடக்கினால் கைப்பிடியும் ஆயிற்று. கிம்பல் கட்டாயமில்லை. சாதாரண கிம்பல் போன் சாய்வதைத் தடுக்குமே தவிர, உடம்பு ஏறி இறங்குவதைத் தடுக்காது.

பலரும் கோட்டைவிடுவது ஷட்டர் வேகத்தில். வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே ஷட்டரை மெதுவாக்கிவிடும். அப்போது அடி விழும் கணத்தில் எடுத்த ஃபிரேம் கலங்கிப் போகும். மென்பொருள் ஃபிரேமை நகர்த்தும். அதில் ஏற்கெனவே பதிந்த கலங்கலை நீக்காது. படம் அசையாமல் நிற்கும், ஆனால் அடிக்கொரு முறை மங்கித் தெளியும். இப்படி மங்கித் தெளிந்தால் குற்றம் ஷட்டரில் என்று கண்டுகொள்ளலாம். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியில் ஷட்டரை நாமே வைக்கலாம். 1/100 வினாடி வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த வேகத்தில் டியூப்லைட் மினுக்கல் படத்தில் பட்டை பட்டையாகத் தெரியாது. படம் சற்று இருட்டினால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். கொஞ்சம் புள்ளி விழும். கலங்கலை விட அது எவ்வளவோ மேல்.

எடிட்டிங்கில் மிச்ச ஆட்டத்தை எடுக்க டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். கிளிப்பைத் தேர்ந்தெடுத்து Inspector பகுதியில் Stabilization-ஐத் திறந்தால் Perspective, Similarity, Translation என்று மூன்று முறைகள் இருக்கும். Perspective படத்தை வளைத்தும் சரிசெய்யப் பார்க்கும். கூட்டமான மார்க்கெட்டில் அது அடிக்கடி ஏமாறும்: குறுக்கே போகும் ஆளின் அசைவைக் கேமராவின் அசைவு என்று எடுத்துக்கொள்ளும். கடைத் தூணின் நேர்விளிம்பைப் பாருங்கள். அது நெளிந்தால் Similarity-க்கு மாற்றி மறுபடி Stabilize அழுத்துங்கள். அப்போதும் இழுத்தால், ஆள் குறுக்கிடும் இடத்தில் கிளிப்பை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள்.

சரிசெய்யும்போது ஓரங்கள் வெட்டுப்படும். எடுக்கும்போதே 4கே-யில் எடுத்து, 1080-இல் வெளியிட்டால் தெளிவு குறையாது. விளிம்பில் முக்கியமான எதையும் வைக்காமல் கொஞ்சம் அகலமாகவே எடுங்கள். Strength அளவை முழுதாக ஏற்றிவிடாதீர்கள். நடையின் சாயலே இல்லாமல் போனால் கேமரா காற்றில் மிதப்பது போலாகிவிடும். சந்தைக்குள் ஓர் ஆள் நடந்து போகிறார் என்பது தெரியும் அளவுக்கு மெல்லிய அசைவு இருக்கட்டும்.