ஐம்பது ஆம்பியரும் ஒரு லக்கும்

போன சித்திரையில் ராஜபாளையத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது, இரவு ஒன்பதரை மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கீச்கீச்சென்று கத்திவிட்டு அதுவும் நின்றுபோனது.

"பேட்டரி போயிருச்சுடா. ரெண்டு வருஷம்தான் ஆச்சு, அதுக்குள்ள மாத்தணும்ங்கிறாங்க" என்றார் அம்மா. புது பேட்டரிக்கு விலைகூடக் கேட்டு வைத்திருந்தார்.

டார்ச் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனேன். பேட்டரியின் பக்கத்தில் குனிந்ததும் ரப்பர் கருகிய வாடை. சிவப்பு ஒயர் பேட்டரியில் ஏறும் இடத்தில், மேலுறை பழுப்பேறி, காய்ந்த கொடுக்காப்புளித் தோல் மாதிரி இறுகி, அரை அங்குலம் பின்வாங்கியிருந்தது. உள்ளே செம்புக் கம்பிகள் கறுத்துத் தெரிந்தன. கையைப் பக்கத்தில் கொண்டுபோனதுமே அனல் அடித்தது. கறுப்பு ஒயரோ சாதாரணமாக இருந்தது. அப்போதே பேட்டரி மேல் எனக்கிருந்த சந்தேகம் பாதி போய்விட்டது.

அம்மா வீட்டில் இருப்பது 900 விஏ இன்வெர்ட்டர், 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்று. நம் ஊர் வீடுகளில் அதிகம் பார்க்கக்கூடிய ஜோடிதான். அன்றிரவு ஓடிக்கொண்டிருந்தவை நான்கு மின்விசிறி, ஆறு எல்இடி விளக்கு, ஒரு டிவி. மொத்தம் 450 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். இதே 450 வாட்டை 230 வோல்ட்டில் கொடுத்தால் ஒயரில் ஓடுவது 2 ஆம்பியர்தான். சுவருக்குள் போகும் சாதாரண 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு அது ஒரு பாரமே இல்லை. ஆனால் பேட்டரியிடம் இருப்பது 12 வோல்ட். இன்வெர்ட்டருக்குள் வீணாகும் பங்கையும் சேர்த்தால் பேட்டரி 560 வாட் போலத் தர வேண்டும். கிட்டத்தட்ட 50 ஆம்பியர். பேட்டரி இறங்க இறங்க வோல்ட் குறையும், ஆம்பியர் இன்னும் கொஞ்சம் ஏறும்.

இந்த 50 என்ற எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள். ஒயரில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 ஆம்பியருக்கு 4 என்றால், 50 ஆம்பியருக்கு 2,500. அதனால்தான் வீட்டின் மற்ற ஒயர்களில் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய ஒரு சின்னக் குறை, பேட்டரிப் பக்கம் வந்ததும் அடுப்பாக மாறிவிடுகிறது.

முதலில் ஒயரின் தடிமன். இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே சிவப்பு ஒன்றரை மீட்டர், கறுப்பு ஒன்றரை மீட்டர், போக வர 3 மீட்டர். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயராக இருந்தால் இந்த 3 மீட்டரில் 50 ஆம்பியருக்கு இழப்பது 0.18 வோல்ட், சூடாவது 9 வாட். 3 மீட்டர் நீளத்துக்கும் பரவிப்போவதால் கைக்குத் தெரியவே தெரியாது. அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட் போய்விடும், 25 வாட் சூடு. அரை வோல்ட்தானே என்று தோன்றும். 12 வோல்ட்டில் அரை வோல்ட் சின்ன விஷயமில்லை. முழுதாக ஏறிய பேட்டரிக்கும் இன்வெர்ட்டர் கைவிடும் அளவுக்கும் இடையே இருப்பதே ஒன்றரை, இரண்டு வோல்ட்தான். இன்வெர்ட்டர் தன் வாசலுக்கு வந்துசேரும் வோல்ட்டைத்தான் பார்க்கும். வழியில் அரை வோல்ட் தொலைந்தால், பேட்டரியில் இன்னும் சரக்கு இருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று நிறுத்திவிடும்.

ஆகவே 900 விஏ, ஒரு பேட்டரி, ஒன்றரை மீட்டருக்குள் தூரம் என்றால் 16 சதுர மில்லிமீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் ஒயரின் கனமும் இரண்டு மடங்காக வேண்டும். 35 வாங்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் ஒயரை நீட்டுவதைவிட இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் நகர்த்துவதே மேல். இன்வெர்ட்டரிலிருந்து வெளியே போகும் 230 வோல்ட் ஒயரை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், அதில் ஓடுவது 2 ஆம்பியர்தானே. பேட்டரி ஒயரை நடுவில் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி நீட்டுவது மட்டும் கூடவே கூடாது.

கடையில் ஒயர் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மேலுறை தடியாக இருப்பதைப் பார்த்து ஒயரும் தடி என்று நினைத்துவிடக் கூடாது. நுனியைச் சீவி உள்ளே இருக்கும் செம்பைப் பாருங்கள். 16 சதுர மில்லிமீட்டர் பிளெக்சிபிள் ஒயரில் வழக்கமாக 0.4 மில்லிமீட்டர் கம்பி 126 இருக்கும். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் ஒன்றரை மடங்குக்கும் மேலே தடை கொடுக்கும்.

அம்மா வீட்டு ஒயரையும் சுரண்டிப் பார்த்தேன். நல்ல செம்பு, 16 சதுர மில்லிமீட்டர், நீளமும் சரி. அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது?

மறுநாள் காலை மெயினை அணைத்து, அதே மின்விசிறி, விளக்கு, டிவியை இன்வெர்ட்டரில் ஓடவிட்டேன். இதைக் கரண்ட் இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. சார்ஜ் ஏறும்போது பத்துப் பதினைந்து ஆம்பியர்தான் ஓடும். அப்போது பழுதான இணைப்பும் சாதுவாக இருக்கும். ஆட்கள் பகலில் வந்து, தொட்டுப் பார்த்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று போவது இதனால்தான்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்தேன். ஒரு முனையைப் பேட்டரியின் ஈய முனையில், இன்னொன்றை மேலுறை பின்வாங்கிய இடத்தில் தெரிந்த செம்புக் கம்பியில். இரண்டுக்கும் நடுவே ஒரு லக் மட்டும்தான் இருக்கிறது, இரண்டு அங்குலம். மீட்டர் காட்டியது 0.42 வோல்ட். 50 ஆம்பியரால் பெருக்கினால் 21 வாட். கடையில் விற்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதை எடுத்துப் பேட்டரி தலையில் சொருகி, கரண்ட் போகும்போதெல்லாம் பற்றவைத்த கணக்கு.

அடுத்து, அந்த இரண்டு அங்குலத்தில் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். ஈய முனையிலிருந்து லக்கின் உடம்பு வரை 0.02 வோல்ட். லக்கின் உடம்பிலிருந்து ஒயர் வரை 0.40. போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் இது தீராது. கோளாறு லக்கின் குழலுக்குள், கிரிம்பிங்கில்.

அணைக்க வேண்டியதை எல்லாம் அணைத்து, கறுப்பை முதலில், சிவப்பைப் பிறகு கழற்றினேன். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டேன். மோதிரம், வளையல் கையில் இருக்கக் கூடாது. இரண்டு முனையையும் இரும்பு சேர்த்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால் அந்தப் பொறி அங்கே விழக் கூடாது.

அந்த லக்கை ஹேக்சா பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். அது 25 சதுர மில்லிமீட்டருக்கான லக். 16 ஒயர் அதில் லொடலொடவென்று ஆடியிருக்கும். மாட்டியவர் குழலைச் சுத்தியலால் தட்டி நசுக்கியிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் தட்டையாக, இறுக்கமாகத்தான் தெரிந்தது. அறுத்ததும் உள்ளே கம்பிகள் தனித்தனியாக நின்றன, நடுவே இடைவெளி. விரலால் தட்டியதும் சில கம்பிகள் உதிர்ந்தே விட்டன. எல்லாம் கறுத்திருந்தன.

இடைவெளி இருந்தால் காற்று புகும், அமிலத்தின் ஆவி புகும், செம்பு களிம்பேறும். களிம்பு கரண்ட்டைத் தடுக்கும், சூடு கூடும். சூட்டில் விரிந்து, ஆறியதும் சுருங்கி, பிடி இன்னும் தளரும். ஆரம்பத்தில் நன்றாக ஓடிய இணைப்பு ஓரிரு வருடத்தில் கெடுவது இப்படித்தான்.

சரியான கிரிம்பிங்கில் குழலும் கம்பிகளும் ஒரே கட்டியாக அழுந்திவிட வேண்டும். அறுத்துப் பார்த்தால் உருண்டைக் கம்பிகள் தேனடை அறைகள் போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, நடுவே ஊசி நுழைய இடமில்லாமல் இருக்கும். இதற்குச் சுத்தியல் போதாது, கட்டிங் பிளேயரும் போதாது. சிவப்பு, நீலம், மஞ்சள் லக்குகளுக்கான சின்னக் கைக் கருவியும் 6 சதுர மில்லிமீட்டரோடு நின்றுவிடும். ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வேண்டும், அதில் 16 என்று குறித்த டையை மாட்ட வேண்டும். எங்கள் தெருவில் போர்வெல் மோட்டார் பேனல் மாட்டும் அண்ணன் ஒருவரிடம் அது இருந்தது.

"அண்ணே, லக்குக்குள்ள ஈயம் ஊத்திட்டா போதாதா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. சூடு ஏறினா ஈயம் இளகும். ஒயருக்குள்ளயும் ஏறி அந்த இடத்தை வெறப்பாக்கிடும், ஆட்டினா அங்கதான் ஒடியும்" என்றார். நுனியில் ஈயம் வைத்துவிட்டுப் பிறகு கிரிம்ப் செய்வதும் தப்பு. அழுத்தத்தில் ஈயம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், பிடி விடும்.

கறுத்த பகுதியை அடியோடு வெட்டி, பளபளவென்று புதுச் செம்பு தெரியும் வரை போனோம். லக் 16-8: பதினாறு சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு, 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு, வெள்ளீயம் பூசிய செம்பு லக். குழலின் ஆழத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக மட்டும் உறையைச் சீவினார். ஒரு கம்பிகூட வெளியே மடங்காமல் நுழைத்தார். ஒயர் லக்கில் நுழையாவிட்டால் நாலு கம்பியை வெட்டிவிடுவதும், லொடலொடத்தால் ஒயரை மடித்துத் திணிப்பதும் வழக்கமாக நடப்பவை. இரண்டுமே லக் அளவு தப்பு என்பதற்கு அடையாளம். டை இரண்டு பக்கமும் முட்டும் வரை அழுத்தினார். பிறகு லக்கை வைஸில் கடித்து, ஒயரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய்.

பேட்டரியில் மாட்டும்போது ஈய முனையை உப்புத்தாளால் பளபளப்பாக்கி, லக்கை நேராக ஈயத்தின் மேல் வைத்தோம். வாஷர் லக்குக்கு மேலேதான் வர வேண்டும். லக்குக்கும் ஈயத்துக்கும் நடுவே இரும்பு வாஷர் இருந்தால் 50 ஆம்பியரும் அந்த இரும்பு வழியாகப் போக வேண்டியிருக்கும். இப்படி மாட்டிய பேட்டரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஈயம் மிருதுவானது, வெறி கொண்டு முறுக்கினால் நசுங்கும். உறுதியாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். எல்லாம் இறுகிய பிறகு, மேலே பெட்ரோலியம் ஜெல்லி. முன்னாலேயே தடவக் கூடாது.

திரும்ப அதே மின்விசிறி, விளக்கு, டிவி. மல்டிமீட்டரின் ஒரு முனை ஈயத்தில், இன்னொன்று ஒயரில். கம்பியைத் தொட மேலுறையில் ஒரு குண்டூசி குத்திக்கொண்டேன், பிறகு அந்த ஓட்டையை டேப்பால் மூடினேன். 0.005 வோல்ட். 21 வாட் சூடு கால் வாட்டாகியிருந்தது. கறுப்பு ஒயரின் லக்கும் அதே கைவேலைதான் என்பதால், அது 0.06 காட்டியபோதே அதையும் வெட்டிப் புதிது போட்டோம்.

அடுத்த வாரம் கரண்ட் போனபோது அம்மா நேரம் குறித்து வைத்திருந்தார். ஒரு மணி ஐம்பது நிமிடம். பேட்டரி அதே பழைய பேட்டரிதான். ஒரு மாதம் கழித்துப் போனபோது போல்ட்டில் கால் சுற்று தளர்வு இருந்தது, ஈயம் கொஞ்சம் அமர்ந்திருக்கிறது. இறுக்கிவிட்டு மறுபடி அளந்தேன்: 0.006.